உயர்தரச் சான்றிதழை மொழிபெயர்ப்பதா, ஆங்கிலத்திலேயே எடுப்பதா? திருகோணமலையிலிருந்து கத்தார் வேலைக்கு

கத்தாரில் ஒரு நிறுவனம் வேலை தருவதாகச் சொல்லி, படித்த சான்றிதழ்களை வெளிவிவகார அமைச்சிலும் கொழும்பில் இருக்கிற கத்தார் தூதரகத்திலும் அத்தாட்சிப்படுத்தி அனுப்பச் சொன்னது. என்னிடம் இருந்தது தமிழில் உள்ள உயர்தரச் சான்றிதழ். இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஊரிலேயே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலமாக்குவது. மற்றது, பரீட்சைத் திணைக்களத்திடமே அதே பெறுபேற்றை ஆங்கிலத்தில் புதிதாக எடுப்பது. நான் முதல் வழியில் போய், பாதியில் திரும்பி, இரண்டாவதில் முடித்தேன். அதனால் இரண்டாவது பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மொழிபெயர்ப்பில் உள்ள வசதி எல்லோருக்கும் தெரியும். நகரத்துக்குள்ளேயே ஆள் இருக்கிறார், ஓரிரு நாளில் கையில் கிடைத்துவிடும், பரீட்சைத் திணைக்களம் இருக்கிற பத்தரமுல்லைப் பக்கமே போகத் தேவையில்லை. ஆங்கிலச் சான்றிதழ் என்றால் விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு. பார்த்தவுடன் முதலாவதுதான் வேகமான வழி என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் அமைச்சில் வைக்கிற முத்திரை எதற்கு என்று விளங்கினால் கணக்கு மாறிவிடும். நீங்கள் எடுத்த புள்ளிகள் சரியா என்று அவர்கள் பார்ப்பதில்லை. சான்றிதழின் அடியில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் அதை வழங்க அதிகாரம் உள்ள அலுவலருடையதுதானா என்பதைத்தான் உறுதிப்படுத்துகிறார்கள். அந்த அலுவலரின் மாதிரிக் கையெழுத்து அவர்களிடம் இருக்க வேண்டும், அல்லது வழங்கிய நிறுவனம் உறுதிப்படுத்த வேண்டும். அது நடக்கும்வரை உங்கள் தாள் நகராது. வரிசை நீளம், சேர்வர் வேலை செய்யவில்லை என்பதெல்லாம் ஒரு நாள் இழுக்கும். கையெழுத்துப் பிரச்சினை வாரக்கணக்கில் இழுக்கும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஆங்கிலச் சான்றிதழ் என்றால் ஒரே தாள், ஒரே கையெழுத்து, அதுவும் இப்போது பதவியில் இருக்கும் அலுவலர் அண்மையில் போட்டது. மொழிபெயர்ப்பு என்றால் இரண்டு தாள். மூலத்தில் எத்தனையோ வருடத்துக்கு முன் ஒருவர் போட்ட கையெழுத்து, மொழிபெயர்ப்பில் மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்து. இரண்டும் சரிவர வேண்டும். மொழிபெயர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூலம் நின்றுவிட்டால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும்.

எனக்கு மூலத்திலேயே சிக்கல். பள்ளிக்கூடத்தில் வாங்கிய அன்றே அப்பா அதை லமினேட் பண்ணிவிட்டார். எங்கள் பக்கம் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் சான்றிதழ் பிளாஸ்டிக்குக்குள்தான் இருக்கும். அதன்மேல் முத்திரை குத்த முடியாது, பிரிக்கப் போனால் மை சேர்ந்து வந்துவிடும். அப்படியானால் எந்த வழியில் போனாலும் பரீட்சைத் திணைக்களத்திடம் புதிதாக ஒன்று எடுக்கத்தான் வேண்டும். எடுக்கப் போகிறவர் ஆங்கிலத்திலேயே எடுத்துவிடலாமே, பிறகு மொழிபெயர்ப்பு எதற்கு? இது மொழிபெயர்ப்புக்குக் காசு கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது சிக்கல் பெயர். என் அப்பா பெயர் கந்தசாமி. அதில் வரும் 'த' தமிழில் ஒரே எழுத்து, ஆங்கிலத்தில் 'டி' போட்டும் எழுதலாம், 'டிஎச்' போட்டும் எழுதலாம். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி இருந்தது, மொழிபெயர்ப்பாளர் தமிழைப் பார்த்துத் தன் வழக்கப்படி வேறு மாதிரி எழுதிவிட்டார். அவர் மேல் தவறு சொல்ல மாட்டேன், பாஸ்போர்ட் பிரதியை நான் கொடுக்கவே இல்லை. திருத்தி வாங்க இன்னும் மூன்று நாள் போனது. மொழிபெயர்க்கத்தான் வேண்டும் என்றால், பாஸ்போர்ட் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, முத்திரை குத்துவதற்கு முன் பெயர்களை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். முதலெழுத்துகள் விரிந்திருக்கிறதா, எந்த வரிசையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

ஆங்கிலச் சான்றிதழிலும் பெயர்ப் பிரச்சினை அடியோடு இல்லாமல் போகாது. பரீட்சை விண்ணப்பத்தில் அன்று கொடுத்த பெயர்தான் அதில் வரும். அது பாஸ்போர்ட்டோடு ஒத்துவராவிட்டால் சத்தியக்கடதாசி முடிக்கச் சொல்லலாம், அதிலும் ஒரு கையெழுத்து. என் விஷயத்தில் ஒத்துவந்ததால் அந்தப் பாதையில் நான் நடக்கவில்லை. அங்கே எவ்வளவு நாள் போகும் என்று அனுபவத்தில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

சரி, எடுக்கிறது எப்படி? doenets.lk தளத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் சேவை இருக்கிறது. பரீட்சை வருடமும் சுட்டெண்ணும் சரியாக வேண்டும். சுட்டெண் மறந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் போய்ப் பழைய பெறுபேற்று ஏட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் மொழியைக் கேட்கும் இடத்தில் ஆங்கிலம் என்று குறிக்க மறந்தால் இவ்வளவு சொன்னதும் வீண்.

அடுத்து, முத்திரையை எங்கே வைப்பது? திருகோணமலையிலேயே வெளிவிவகார அமைச்சின் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. இல்லாவிட்டால் பத்தரமுல்லை சுகுருபாயவில் உள்ள கொன்சியூலர் பிரிவு. நான் ஊரிலேயே வைத்தேன். காரணம் பஸ் காசு மட்டும் இல்லை. தாள் நின்றுவிட்டால், "நாளைக்கு வாங்கோ தம்பி" என்று சொன்னால், நாளைக்குப் போக முடியும். இரவு பஸ்ஸில் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று விடியவிடியப் போய் இறங்கி, ஒரு கையெழுத்துக்காகத் திரும்பி வருவது வேறு கதை. இதற்கு எதிராகவும் ஒரு நியாயம் உண்டு. தூதரகம் கொழும்பில்தான் இருக்கிறது, எப்படியும் ஒரு தடவை போகத்தான் வேண்டும். எல்லாத் தாளும் புதிதாக, ஆங்கிலத்தில், லமினேட் இல்லாமல் இருந்தால் இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கப் பார்க்கலாம். பழைய தாள் ஒன்று கலந்திருந்தாலும் நான் ஊரில்தான் முதலில் கொடுப்பேன்.

ஏஜென்சிக்காரர்களிடம் நான் கொடுக்கவில்லை. கிண்ணியாவில் ஒரு நண்பன் கொடுத்து, நல்லபடியாக முடித்தான். ஆனால் அவனுடைய தாள்கள் எல்லாம் முன்பே ஆங்கிலத்தில் இருந்தவை. கையெழுத்து உறுதியாகாத தாளை ஏஜென்ட் கொண்டுபோனாலும் அது அதே கவுண்டரில்தான் நிற்கும், எங்கே நிற்கிறது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது.

மொழிபெயர்ப்பு தேவைப்படும் இடமும் இருக்கிறது. குடும்ப விசாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுத்து, அதைத்தான் மொழிபெயர்க்கக் கொடுத்தேன். அலுமாரியில் இருந்த பழைய பிரதியைக் கொடுக்கவில்லை. இந்தத் தடவை பாஸ்போர்ட் பிரதியும் கூடவே போனது, பெயர் ஒரே தடவையில் சரியாக வந்தது.