பிள்ளைகளின் அணிப் போஸ்டருக்கு முற்பணம் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் பிள்ளைகள் விளையாடுகிற வலைப்பந்தாட்ட அணிக்கு ஒரு போஸ்டர் செய்யப் போய் 15,000 ரூபாயை இழந்திருக்கிறேன். அது என் காசு மட்டுமல்ல, ஏழு குடும்பங்கள் சேர்த்துத் தந்த காசு. வேறு அணிக்கும் இது நடக்கக் கூடாது என்பதால் நடந்ததை விபரமாக எழுதுகிறேன்.

ஏழு பேரையும் ஒரே நாளில் ஒன்றாக நிறுத்திப் படம் எடுக்க முடியவில்லை. ஒருத்திக்கு டியூஷன், ஒருத்திக்கு ஓஎல் பரீட்சை. அதனால் தனித்தனிப் படங்களைச் சேர்த்து ஒரே போஸ்டராகச் செய்து தருகிற ஒரு டிசைனரைப் பிடித்தோம். அவர் காட்டிய பழைய வேலைகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. "பிள்ளைகள் போனில் எடுத்த படம் எதுவென்றாலும் அனுப்புங்கள் அக்கா, லைட்டை எல்லாம் நான் ஒரே மாதிரிக் கொண்டு வருவேன்" என்றார். மொத்தம் 25,000, முற்பணம் 15,000. கொடுத்துவிட்டேன்.

படங்கள் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஒருத்தியை அவளுடைய அம்மா உச்சி வெயிலில் பாடசாலை மைதானத்தில் எடுத்திருந்தார். இன்னொருத்தி வீட்டு ஹோலில் டியூப் லைட்டின் கீழ். கோல் ஷூட்டராக விளையாடுகிற பிள்ளை பின்னேரம் கடற்கரையில் நின்றாள், வெயில் அவளுக்கு வலப்பக்கத்திலிருந்து. விங் அட்டாக் பிள்ளை வீட்டுக்குள், யன்னல் வெளிச்சத்தில். இவற்றைச் சேர்த்து ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நின்ற மாதிரிக் காட்ட முடியும் என்று அந்த மனிதர் சொன்னதே முதல் பொய். நிறத்தை மாற்றலாம், வெளிச்சத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். ஆனால் மூக்கின் நிழல் எந்தக் கன்னத்தில் விழுந்திருக்கிறது என்பதை ஒரு ஃபில்டர் மாற்றாது. உச்சி வெயிலில் கண்குழிக்குள் விழுந்த கறுப்பை வெளிச்சமாக்கினால் அந்த இடம் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும். எங்கள் பிள்ளைக்கு அதுதான் நடந்தது.

அவர் செய்தது இதுதான். முழுப் படத்துக்கும் மேலே ஒரு செம்மஞ்சளும் நீலமும் கலந்த ஃபில்டரைப் போட்டார். பின்னால் புகையும் தீப்பொறியும். முதல் பார்வைக்கு அமர்க்களமாகத்தான் இருந்தது, நானும் சந்தோசப்பட்டேன். பிறகு என் மகள்தான், "அம்மா, விங் அட்டாக்குக்கு ஏன் இப்படி எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

வலைப்பந்தாட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையின் மேலங்கியிலும் அவள் விளையாடும் இடத்தின் எழுத்து இருக்கும். விங் அட்டாக்குக்கு முதலில் டபிள்யூ, பிறகு ஏ. போஸ்டரில் ஏ முதலில் இருந்தது, டபிள்யூ பிறகு. வலப்பக்க வெளிச்சத்தை இடப்பக்கம் ஆக்குவதற்காகப் படத்தையே கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திருப்பியிருக்கிறார்! கோல் ஷூட்டரையும் அப்படித்தான் திருப்பியிருந்தார், ஆனால் அவளுடைய எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்ததால் அவற்றை அழித்துப் புதிதாக எழுதிவிட்டார். உற்றுப் பார்த்தால் துணி மடிந்திருக்கிற இடத்தில் எழுத்து மடியவில்லை, தட்டையாக நிற்கிறது. ஏயும் டபிள்யூவும் கண்ணாடியிலும் அதே வடிவில் தெரிகிற எழுத்துகள். அதனால் அது அவர் கண்ணில் படவில்லை. பிள்ளையின் தலை வகிடும் மற்றப் பக்கம் போயிருந்தது.

அதைவிட மோசமானது கோல் கீப்பர் விஷயம். அவளுடைய படம் இடுப்பு வரைதான் இருந்தது. அடுத்த நாள் அவளுடைய அம்மா போன் எடுத்து, "இது என் பிள்ளையின் கை இல்லை" என்றார். பெரிதாக்கிப் பார்த்தேன். பந்தைப் பிடித்திருந்த விரல்களில் நீளமான, பூச்சுப் பூசிய நகங்கள். மணிக்கட்டில் ஒரு வளையல். நகத்தை ஒட்ட வெட்டாமல், நகை கழற்றாமல் நடுவர் பிள்ளைகளை மைதானத்தில் இறங்கவே விட மாட்டார். எங்கிருந்தோ எடுத்த வேறொரு பெண்ணின் உடம்பில் எங்கள் பிள்ளையின் தலையை ஒட்டியிருக்கிறார். பதினாறு வயதுப் பிள்ளை. அந்த அம்மாவிடம் என்ன சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை. டிசைனரிடம் கேட்டபோது, திருத்துவதென்றால் இன்னும் 10,000 என்றார். அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை.

பிறகு அறிந்தவர் மூலம் ஒரு ஸ்டூடியோ அண்ணனைப் பிடித்தோம். பழைய போஸ்டரை அவர் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டினார். நிறம் போனதும் ஒவ்வொரு முகத்திலும் நிழல் ஒவ்வொரு பக்கம் விழுவது பளிச்சென்று தெரிந்தது. அதோடு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும் என்றார். எங்கள் போஸ்டர் 2 அடிக்கு 3 அடி. அதில் ஒரு பிள்ளை 2 அடி உயரம் நிற்கிறாள் என்றால் 24 அங்குலம். அங்குலத்துக்கு 150 பிக்சல் வைத்தாலும் 3600 வேண்டும். எங்களுடைய படங்களில் பிள்ளையின் உயரம் 1200 அளவில்தான் இருந்தது, தேவையில் மூன்றில் ஒன்று. அச்சடித்தபோது கண்கள் மங்கிப்போனதற்கு அதுதான் காரணம். படத்தை டாக்கியுமென்டாக அனுப்பியிருந்தால் அந்தச் சுருக்கமாவது நடந்திருக்காது.

அவர் எல்லாவற்றையும் திரும்ப எடுத்தார். பாடசாலை மண்டபத்தில் ஒரு சாம்பல் நிறத் துணி. பிள்ளைக்கு இடப்பக்கம், தலைக்குக் கொஞ்சம் மேலே, சாய்வாக ஒரு பெரிய லைட். வலப்பக்கம் நிழல் கறுத்துப் போகாமல் ஒரு வெள்ளை ரெஜிபோம் அட்டை. தரையில் டேப்பால் ஒரு குறி, கமரா ஸ்டாண்டில் இடுப்பு உயரத்தில். லைட்டும் கமராவும் கடைசி வரை அசையவில்லை, பிள்ளைகள் மட்டும் மாறி மாறி வந்து நின்றார்கள். அதனால் ஒரே நாளில் எல்லாரும் வர வேண்டிய கட்டாயமும் இல்லை. அளவுகளைக் குறித்து வைத்து, வராத இரண்டு பேரை அடுத்த சனிக்கிழமை அதே மாதிரி அமைத்து எடுத்தார். யார் முன்னால், யார் பின்னால், யார் பாய்கிறார் என்பதை முதலே பென்சிலால் கீறி வைத்திருந்ததால் ஒவ்வொருத்தியும் தன் இடத்துக்கு ஏற்ற மாதிரி நின்றாள். சேர்க்கும்போது உண்மையான உயரத்தைக் கேட்டு அளவு வைத்தார், காலடியில் நிழல் போட்டார், நிறத்தை எல்லாருக்கும் சேர்த்துக் கடைசியில்தான் தொட்டார்.

ஒருவரிடம் வேலை கொடுக்க முதல், அவர் செய்த போஸ்டரோடு அதற்கு வந்த மூலப் படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எனக்குக் காட்டிய நல்ல போஸ்டர்களை இப்போது திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாருடைய கண்மணியிலும் வெளிச்சப் புள்ளி ஒரே இடத்தில் இருக்கிறது. அவை ஒரே லைட்டில் எடுத்த படங்கள், போனில் ஆளுக்கொரு இடத்தில் எடுத்தவை அல்ல. யாருடைய உடம்பையும் மாற்றக் கூடாது, கேட்காமல் படத்தைத் திருப்பக் கூடாது, ஒவ்வொரு படமும் தனித்தனி லேயராக இருக்கிற மூலக் கோப்பைத் தர வேண்டும் என்பவற்றை முற்பணத்துக்கு முதலே எழுத்தில் வாங்குங்கள்.

பழைய போஸ்டரில் இரண்டு பிரதி ஏற்கெனவே அடித்துவிட்டோம். ஒன்றைக் கோல் கீப்பரின் அம்மா கேட்டு வாங்கிக் கிழித்துப் போட்டார். மற்றது என்னிடம் இருக்கிறது, காசைத் திரும்பக் கேட்கும்போது காட்டுவதற்காக.