பெட்டியில் ஊறுகாய், கழுத்தில் பவுன்: சென்னையிலிருந்து அமெரிக்கா வரை

விடுமுறை முடிந்து சென்னையிலிருந்து அமெரிக்கா திரும்பும் குடும்பங்களுக்குப் பெட்டி கட்டும்போது பயமெல்லாம் ஊறுகாய் மேல்தான். அமெரிக்கச் சுங்கத்தில் மாங்காய் ஊறுகாயை யாரும் சீண்டுவதில்லை. அங்கே குப்பைத்தொட்டிக்குப் போகிறவை அரிசி, கொண்டைக்கடலை, கறிவேப்பிலை, இறைச்சி. ஊறுகாய்க்குச் சுங்கத்தைவிடப் பெரிய எதிரி அதன் எண்ணெய். அதனால் அதைக் கட்டும் வேலையிலிருந்தே தொடங்கலாம்.

விமானம் மேலே ஏறியதும் பெட்டிகள் இருக்கும் அறையிலும் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்கு இறங்கிவிடும். பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று விரிய இடம் தேடும். பாட்டில் நிமிர்ந்து நின்றால் மூடி வழியாகக் கொஞ்சம் காற்று மட்டும் கசியும். படுத்திருந்தால் மூடியின் மரையை ஒட்டி நிற்பது எண்ணெய் என்பதால் அதுதான் முதலில் வெளியே வரும். பெட்டியை நாம் எப்படி நிறுத்தி அனுப்பினாலும் ஏற்றுகிறவர்கள் படுக்கப் போட்டுத்தான் அடுக்குவார்கள். எனவே மூடியைச் சுற்றி எத்தனை சுற்று டேப் ஒட்டினாலும் பயன் குறைவு. மரையில் எண்ணெய் பட்டிருந்தால் டேப்பே ஒட்டாது.

கெட்டியான பல அடுக்கு உறையில் அரைக் கிலோ அரைக் கிலோவாகப் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, சூடு வைத்து ஒட்டுவதுதான் நம்பகமான வழி. உள்ளே காற்று இல்லையென்றால் விரிவதற்கு ஒன்றுமில்லை. சென்னையில் பல இனிப்புக் கடைகளும் ஊறுகாய்க் கடைகளும் இதைச் செய்து தருகின்றன. வீட்டு ஊறுகாயைக் கொண்டுபோனாலும் சிலர் ஒட்டிக்கொடுப்பார்கள், கேட்டுப் பார்க்கலாம். வீட்டிலேயே செய்தால் உறையின் வாயை இரண்டு விரல் அளவு வெளிப்பக்கமாக மடித்துக்கொண்டு நிரப்புங்கள். நிரப்பிய பிறகு மடிப்பை நிமிர்த்தினால் ஒட்டுகிற இடம் எண்ணெய் படாமல் சுத்தமாக இருக்கும். அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டியதுபோலத் தெரியும், நடுவானில் பிரிந்துவிடும். ஒட்டியதும் உறையைக் கவிழ்த்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்து, கீழே செய்தித்தாள் விரித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளில் கறை இருந்தால் ஒட்டு சரியில்லை.

புதிதாகப் போட்ட மாவடுவை மட்டும் எப்படிக் கட்டினாலும் சிக்கல்தான். உப்புநீரில் இன்னும் நொதித்துக்கொண்டிருப்பதால் அதுவே வாயுவை உண்டாக்கி உறையை ஊதவைக்கும். நன்றாக ஊறி அடங்கியதை, நீரை வடித்துவிட்டுக் கட்டலாம்.

கைப்பையில் ஊறுகாய் வேண்டவே வேண்டாம். குழம்பாக இருக்கும் எதுவும் 100 மில்லிலிட்டர் விதிக்குள் வந்துவிடும். மிளகாய்ப் பொடியை இந்தியப் பாதுகாப்புச் சோதனையில் கைப்பையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அமெரிக்கா போகும் விமானங்களில் கைப்பையில் 350 மில்லிலிட்டருக்கு மேல் எந்தப் பொடி இருந்தாலும் தனிச் சோதனை உண்டு, திருப்தி இல்லையென்றால் விடமாட்டார்கள். ஆக, பொடி முழுவதும் பெரிய பெட்டிக்கு. முழுக் கொப்பரைத் தேங்காயும் கற்பூரமும் எந்தப் பையிலும் ஆகாது. கற்பூரம் எளிதில் தீப்பிடிக்கும். கொப்பரை தானே சூடேறி எரியக்கூடியது என்று விமானப் போக்குவரத்து விதிகளில் ஆபத்தான பொருள் பட்டியலில் இருக்கிறது. கோயில் பிரசாதப் பையில் இந்த இரண்டும் ஒளிந்திருப்பது வழக்கம், பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

இனி அமெரிக்க வாசல். டாலஸ் திரும்பும் ஒரு குடும்பத்தின் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஆவக்காய் இரண்டு கிலோ, சாம்பார் பொடியும் பருப்புப் பொடியும் இரண்டு கிலோ, மாப்பிள்ளைச் சம்பா அரிசி ஐந்து கிலோ, கறுப்புக் கொண்டைக்கடலை ஒரு கிலோ, காயவைத்த கறிவேப்பிலை ஒரு பொட்டலம், நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ, ஆட்டுக்கறி ஊறுகாய் ஒரு பாட்டில், பால்கோவா.

ஆவக்காயும் பொடிகளும் போகும். அரிசியும் கொண்டைக்கடலையும் போகாது. கப்ரா வண்டு என்ற தானிய வண்டு இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் இருப்பதால், அந்த நாடுகளிலிருந்து பயணிகள் பெட்டியில் அரிசி, கொண்டைக்கடலை, சோயா, குசும்பா விதை ஆகியவற்றைக் கொண்டுவருவதை 2021 ஜூலை முதல் அமெரிக்க வேளாண் துறை தடுத்திருக்கிறது. கடைப் பாக்கெட், சீல் வைத்தது என்பதெல்லாம் இங்கே எடுபடாது. பாரம்பரிய அரிசி ஆசை இருந்தால் கஞ்சி மாவாகவோ புட்டு மாவாகவோ அரைத்து எடுத்துப் போகலாம். மற்ற பருப்பு வகைகளெல்லாம் அங்குள்ள இந்தியக் கடைகளிலேயே கிடைக்கும்போது அவற்றுக்காகப் பெட்டியில் இடம் கொடுப்பது வீண்.

கறிவேப்பிலையைத் தடுப்பது வேறு காரணத்தால். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழ்கிறது. ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் அந்த நோயால் பட்ட பாட்டுக்குப் பிறகு அதிகாரிகள் இதில் இளக்கம் காட்டுவதில்லை. காய்ந்த இலைதானே என்று வாதம் செய்ய வேண்டாம்.

ஆட்டுக்கறி ஊறுகாய் நிச்சயம் போகாது. இந்தியாவில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் இருப்பதால் இறைச்சி எந்த வடிவில் இருந்தாலும் தடை. சூப் பொடியிலும் நூடுல்ஸ் மசாலாவிலும் இறைச்சித் தூள் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மீனுக்கு இந்தத் தடை இல்லை. நெத்திலிக் கருவாடும் மீன் ஊறுகாயும் போகும், வாசனை வெளியே வராமல் கட்டுவது மட்டும் உங்கள் பொறுப்பு. பால்கோவா, திரட்டுப்பால் போன்ற பால் இனிப்புகளை விட்டுவிட்டு அதிரசம், முறுக்கு, கடலை மிட்டாய் என்று போவது நிம்மதி. கோமாரிக்கு இவர்கள் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்பதற்கு ஒரு செய்தி: 2021இல் வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில், இந்தியாவிலிருந்து வந்து யாரோ விட்டுப்போன பெட்டியில் வரட்டி இருந்ததைக் கண்டுபிடித்து அழித்து, அதை அறிக்கையாகவே வெளியிட்டார்கள். கிருஹப்பிரவேசத்துக்கு என்று வரட்டி கட்டிக் கொடுக்கும் மாமிகள் கவனிக்க.

எல்லாவற்றையும்விட முக்கியம், உணவு இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கிறது" என்று சொல்வது. தாளில் நிரப்பினாலும் செயலியில் பதிந்தாலும் அதிகாரி வாயால் கேட்டாலும் பதில் ஒன்றுதான். சொல்லிவிட்டால், தடையுள்ளதை எடுத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடுவார்கள், அபராதம் கிடையாது. இல்லை என்று சொல்லி எக்ஸ்ரேயில் அரிசி தெரிந்தால் அபராதம் 300 டாலரிலிருந்து தொடங்கும். விமான நிலையச் சோதனையை விரைவாகக் கடக்க உதவும் குளோபல் என்ட்ரி அனுமதி வைத்திருப்பவர்கள் அதையும் இழக்கலாம்.

டாலஸுக்கு முன் சிகாகோவில் இறங்கி மாறுவதானால் சோதனை சிகாகோவில்தான். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி போட வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரம் போதாமல் போவது சாதாரணம். சாப்பாடு முழுவதையும் ஒரே பெட்டியில் வைத்து, ஒவ்வொரு உறை மேலும் "வறுத்த பருப்புப் பொடி", "எண்ணெய் மாங்காய் ஊறுகாய்" என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினால், திறந்து பார்க்க வேண்டியது ஒரு பெட்டிதான். துபாய் அல்லது சிங்கப்பூரில் வெளியே இறங்கித் தங்கிப் போகிறவர்கள் கசகசாவையும் அது கலந்த மசாலாவையும் எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு நாடுகளிலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும்.

நகை விஷயத்தில் போகும்போதும் வரும்போதும் ஒரே கேள்விதான்: இது உங்களுடைய பழைய நகையா, இப்போது வாங்கியதா? அதற்குப் பதில் சொல்லக் காகிதம் வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து கோயம்புத்தூர்க் கல்யாணத்துக்கு 12 பவுன், அதாவது 96 கிராம், அணிந்து வரும் பெண் ஒருவரைக் கொள்வோம். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்த இந்திய வம்சாவளிப் பெண் வரியில்லாமல் 40 கிராம் நகை கொண்டுவரலாம், ஆணுக்கு 20 கிராம். இந்தியச் சுங்கத்தின் 2016ஆம் ஆண்டு விதிகளில் பெண்ணுக்கு ஒரு லட்சம், ஆணுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் என்ற மதிப்பு வரம்பும் சேர்ந்திருந்ததால், விலை ஏறிய பிறகு இந்த எடைச் சலுகை பெயரளவில்தான் இருந்தது. 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதிகள் அந்த ரூபாய் வரம்பை நீக்கிவிட்டன.

96 கிராம் அதற்கும் மேல். அணிந்திருக்கும் சொந்த நகை, இந்த வரம்புக்கு உட்படும் பயணப்பெட்டிப் பொருள் ஆகாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. சென்னை விமான நிலையத்தில் இலங்கைப் பெண் ஒருவரிடம் பறிமுதல் செய்த 11 பவுன் தாலிக்கொடியைத் திருப்பித் தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் உத்தரவிட்டது. ஆனால் அந்தத் தாலிக்கொடி பிடிபட்டது 2023இல் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தீர்ப்பை நம்பி, அறிவிக்க ஒன்றுமில்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடப்பதைவிட, சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. பழைய ரசீதும், அதே நகையை அணிந்த பழைய கல்யாணப் படமும் கைபேசியில் இருக்கட்டும். வரி கேட்டால், கட்ட மனமில்லையென்றால், உண்மையாக அறிவித்த நகையைச் சுங்கத்திடமே ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு நாடு திரும்பும்போது பெற்றுக்கொள்ள 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 80ஆம் பிரிவில் இடமுண்டு. கல்யாணத்தில் போட முடியாது என்பது வேறு விஷயம்.

இந்தச் சுற்றெல்லாம் வேண்டாமென்றால், இந்தியாவை விட்டுப் போகும்போதே புறப்பாட்டுப் பகுதியில் உள்ள சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த முறை அதே நகையோடு வரும்போது வரிப் பேச்சு எழாது. ரசீது அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் சான்று, எடை, படம் ஆகியவற்றோடு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். பெரிய பெட்டியில் நகையை வைத்து அனுப்பிவிட்டுப் போய்க் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

அமெரிக்கப் பக்கத்தில் இதற்கு இணையானது 4457 எண் படிவம். ஊருக்குப் புறப்படும் முன் நகையை அங்குள்ள சுங்க அலுவலகத்தில் காட்டிக் கையெழுத்து வாங்கி வைத்தால், திரும்பும்போது அது புதுச் சரக்காகக் கணக்கில் வராது. சென்னையில் புதிதாக வாங்கியதை அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் வசிப்பவருக்கு வரியில்லாச் சலுகை தலைக்கு 800 டாலர். இப்போதைய விலையில் ஒரு பவுனே அதைத் தாண்டிவிடுகிறது. ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தார் தங்கள் சலுகைகளைச் சேர்த்துக்கொள்ளலாம், நால்வர் என்றால் 3,200. கடை ரசீதில் நகையின், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடு அச்சாகியிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குறியீடும் நகையில் பொறித்திருப்பதும் ஒத்துப்போனால்தான் ரசீது அந்த நகைக்கு உரியது என்று காட்ட முடியும்.