பிரெஞ்சுப் புரட்சியும் ரஷ்யப் புரட்சியும்: ஒரே அளவுகோலில்

காரணத்தில் இரண்டும் நெருங்கி வருகின்றன. 1789-இல் பிரான்சின் கஜானா போர்க்கடனால் காலி, முந்தைய ஆண்டு விளைச்சலும் பொய்த்தது. 1917-இல் ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடில் உலகப் போரும் ரொட்டித் தட்டுப்பாடும். ஆனால் பிரான்சில் போர் முடிந்து கடன் மிஞ்சியிருந்தது. ரஷ்யாவில் போர் இன்னும் நடந்துகொண்டிருந்தது. படைவீரர்களே கிளர்ச்சியாளர்கள் பக்கம் சாய்ந்ததால் சில நாட்களில் ஜார் ஆட்சி சரிந்தது.

தலைமையில் அதிகம் எழுத வேண்டியதில்லை. பிரான்சில் மிராபோ, தாந்தோன், ரோபெஸ்பியர் என்று ஆள் மாறிக்கொண்டே போனது. லெனினோ, ஜார் விழுந்த பிறகே நாடு திரும்பினார். கையில் கட்டுக்கோப்பான கட்சி இருந்தது.

வன்முறையில்தான் பல கட்டுரைகள் சறுக்குகின்றன. பிரான்சின் 1793-94 பயங்கர ஆட்சியை, அதிக ரத்தமின்றி முடிந்த பெட்ரோகிராடின் அக்டோபர் நாட்களோடு ஒப்பிட்டால் ரஷ்யா சாதுவாகத் தெரியும். அக்டோபர், லெனின் கட்சி ஆட்சியைப் பிடித்த கட்டம்; பயங்கர ஆட்சி, பிடித்ததைக் காத்த கட்டம். அதற்கு ஈடாக நிறுத்த வேண்டியது 1918-க்குப் பிந்தைய உள்நாட்டுப் போரை. பிரான்சில் தீர்ப்பளித்துக் கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய 17,000 பேர். ரஷ்யாவில் போர், பசி, நோயால் மாண்டவர்கள் பல லட்சம்.

விளைவை நிலத்தை வைத்து அளப்பது என் விருப்பம். 1814-இல் பிரான்சில் மன்னராட்சி திரும்பியும் பழைய நிலப்பிரபுத்துவ வரிகள் திரும்பவில்லை. ரஷ்யாவில் மன்னர் திரும்பவேயில்லை. ஆனால் 1917-இல் விவசாயிக்குக் கிடைத்த நிலத்தை 1929-க்குப் பின் கூட்டுப்பண்ணைகள் வாங்கிக்கொண்டன.