துடுப்பும் ஆயுதமா? ஒரு சட்டப் பட்டியலும் இரண்டு விதிகளும்

ஏர்வாடியிலிருந்து போன ஒரு வல்லம், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்த ஒரு தீவை ஒட்டிப் பிடிபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே கொஞ்சம் வலை, கயிறு அறுக்கும் கத்தி, துடுப்பு. வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 31-ஆம் பிரிவுப்படி அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. இதில் எது ஆயுதம்?

பிரிவு 2(35) தரும் பட்டியல் இது: வெடிமருந்து, வில் அம்பு, வெடிபொருள், துப்பாக்கி, தூண்டில் கொக்கி, கத்தி, வலை, விஷம், கண்ணி, பொறி. கடைசியில், விலங்கை மயக்கவோ, கவர்ந்திழுக்கவோ, அழிக்கவோ, காயப்படுத்தவோ, கொல்லவோ வல்ல எந்தக் கருவியும்.

வலை பட்டியலிலேயே இருக்கிறது, அதைக் காப்பாற்ற, சட்டச் சொல்லுக்குப் பொருள் காணும் எந்த விதியும் உதவாது.

துடுப்பு பட்டியலில் இல்லை. ஆனால் ஓங்கி அடித்தால் ஆமைக்குக் காயம்படும், அதனால் எழுத்துக்கு எழுத்து படித்தால் அதுவும் ‘காயப்படுத்த வல்ல கருவி’தான். இங்கேதான் எஜுஸ்டெம் ஜெனரிஸ் என்ற விதி வேலை செய்யும்: குறிப்பிட்ட பொருள்கள் ஒரே இனமாக அமைந்து, அவற்றுக்குப் பின்னால் பொதுச்சொல் வந்தால், பொதுச்சொல்லை அந்த இனத்துக்குள் சுருக்கு. விலங்கைப் பிடிக்கவும் கொல்லவும் ஆன சாதனங்கள் என்பதே இனம். துடுப்பு படகு செலுத்த, எனவே வெளியே. ஆனால் 1972-இல் அமர் சந்திர சக்கரவர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிக்குச் சொன்ன நிபந்தனைகளில் ஒன்று, வேறு நோக்கம் சட்டத்தில் தெரியக் கூடாது என்பது. ‘எந்தக் கருவியும்’ என்று அகலமாக எழுதியதே அந்த வேறு நோக்கம் என்று அரசு வக்கீல் நிச்சயம் சொல்வார்.

கத்தி விஷயம் வேறு. அது நடுவில் பெயர் சொல்லியே இருக்கிறது, பொதுச்சொல் இல்லை, அதனால் எஜுஸ்டெம் ஜெனரிஸ் அதைத் தொடாது. நாஸ்சிட்டர் எ சோசிஸ் என்ற இரண்டாவது விதி தொடும்: சொல்லின் பொருளைப் பக்கத்துச் சொற்களிலிருந்து அறி. கூட்டத்தில் எல்லாமே விலங்கைத் தாக்குபவை, ஆகவே கத்தியும் அப்படிப்பட்ட கத்திதான், கயிறு அறுப்பது இல்லை என்று வாதிடலாம். ஒன்று கவனியுங்கள், ஆங்கில மூலத்தில் இந்தப் பட்டியல் அகர வரிசையில் இருக்கிறது. அதனால் கொக்கிக்கும் வலைக்கும் நடுவே கத்தி உட்கார்ந்திருப்பதைக் காட்டி வாதம் கட்டாதீர்கள், மொத்தக் கூட்டத்தையும் காட்டுங்கள்.

இந்த விதிக்கும் எல்லை உண்டு. வேண்டுமென்றே அகலமான சொல்லைப் போட்டிருந்தால் இதைக் கொண்டு சுருக்க முடியாது என்று 1960-இலேயே ஹாஸ்பிடல் மஸ்தூர் சபா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2(35)-இல் ‘உள்ளடக்கும்’ என்றுதான் இருக்கிறது, அது விரிக்கிற சொல்.

என் கணக்கில் துடுப்புக்கான வாதம் வலுவானது, கத்திக்கானது பலவீனம். பெயர் சொல்லி எழுதிய பொருளுக்குச் சாதாரணப் பொருளையே நீதிமன்றம் எடுக்க வாய்ப்பு அதிகம். கத்திக்காரர் விதியை மட்டும் நம்பாமல், அது எதற்கு வல்லத்தில் இருந்தது என்பதற்கான சாட்சியத்தையும் கூடவே கொண்டுவர வேண்டும்.