விலையேற்ற வீடியோ: பாட்டு போட்ட ரீல்ஸா, தராசு முன்னால் பேச்சா?

மரச்செக்குக் கடலை எண்ணெய் லிட்டர் 300 ரூபாயிலிருந்து 330 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இதைச் சொல்ல இரண்டு வழி உண்டு. பாட்டும் எழுத்தும் ஓடும் 20 விநாடி ரீல்ஸ் ஒன்று; கடைக்காரரே செக்குப் பக்கத்தில் நின்று ஒன்றரை நிமிடம் பேசுவது இன்னொன்று.

ரீல்ஸ் பார்க்க அழகு, அரை மணியில் முடிந்துவிடும். ஆனால் பெரும்பாலும் புது ஆட்களிடம்தான் போய்ச் சேரும். மாதம் ஐந்து லிட்டர் வாங்குபவர் கண்ணில் படுமா என்பது சந்தேகம். “தவிர்க்க முடியாத காரணங்களால்” என்று அதில் ஓடும் வரியை யாரும் நம்புவதில்லை.

பேச்சு வீடியோ ஜெயிப்பது ஒரே இடத்தில்: கணக்கைக் கண்ணால் காட்டலாம். தராசில் 2.4 கிலோ நிலக்கடலைப் பருப்பை வையுங்கள். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய அவ்வளவு போகும். பருப்பு கிலோவுக்கு 15 ரூபாய் ஏறினால் லிட்டருக்கு 36 ரூபாய் கூடுதல். அடுத்து புண்ணாக்கையும் தராசில் வையுங்கள், சுமார் 1.4 கிலோ நிற்கும். அதற்குக் கிலோவுக்கு 4 ரூபாய் கூடியிருந்தால் ஆறு ரூபாய் போல திரும்பி வரும். மிச்சம் 30. புண்ணாக்கை விட்டுவிட்டால் வீடியோவின் கீழே முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அதன் பிறகு சொல்வதெல்லாம் சமாளிப்பாகத் தெரியும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பருப்பைக் காரணம் காட்டினால், பருப்பு இறங்கும்போது எண்ணெயும் இறங்க வேண்டும். வாடிக்கையாளர் மறக்க மாட்டார். “பருப்பு பழைய விலைக்கு வந்தால் 300-க்கே தருவோம்” என்று சொல்ல மனமில்லாதவர் தராசைத் தொடாமலிருப்பதே மேல். தையல் கடை, சலூன் போல கூலியே பெருஞ்செலவான தொழிலுக்கு இந்த முறை இவ்வளவு எடுபடாது. கூலியைத் தராசில் வைக்க முடியாதே.

பேச்சின் வரிசை: முதல் பத்து விநாடிக்குள் புது விலையும் தேதியும், பிறகு கணக்கு, கடைசியில் பழைய வாடிக்கைக்கு என்ன சலுகை. விலையைக் கடைசி வரை இழுத்தால் பாதியில் போய்விடுவார்கள். சலுகையாகத் தள்ளுபடியைவிட “15-ஆம் தேதி வரை பழைய விலையில் ஐந்து லிட்டர் வரை” என்பது நல்லது. அளவு சொல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்காரரே டின் டின்னாக அள்ளிப் போவார். பழைய எம்ஆர்பி அச்சடித்த பாட்டில்களை அதற்கு மேல் விற்கவும் கூடாது, அந்தச் சரக்கு முழுக்க இந்த நாட்களில் கழிந்துவிடும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதனால் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்புங்கள். உங்கள் எண்ணைச் சேமித்து வைக்காதவருக்கு அது போகாது. ஒற்றை டிக்கோடு நிற்பவர்களைப் பார்த்து, தனித்தனியாக அனுப்பிவிடுங்கள். செக்கு ஓடும்போது மட்டும் பேசிப் பதிவு செய்யாதீர்கள், மோட்டார் சத்தத்தில் 330 என்பது கேட்காது.