mantelhaen.test: வருஷக்கணக்கா யூஸ் பண்றேன், கடுப்பு மட்டும் தீரல

ஃப்ரெண்ட் ஒருத்தன் R-ல இருக்கற mantelhaen.test ஃபங்ஷனோட அவுட்புட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பி "வயசு வாரியா பிரிச்சு ஆட்ஸ் ரேஷியோவ சேத்தாச்சு, இந்த ஒரு வரிய பேப்பர்ல போட்டா போதுமாடா"ன்னு கேட்டான். போதாது. ஏன்னு சொல்றேன்.

1979ல ஷாபிரோ குழு போட்ட கேஸ்-கண்ட்ரோல் ஸ்டடிய எடுத்துக்கோங்க. கருத்தடை மாத்திரையும் ஹார்ட் அட்டாக்கும், 25 வயசுலருந்து 49 வரைக்கும் அஞ்சு பேண்ட். எல்லாரையும் ஒரே டேபிள்ல கொட்டினா ஆட்ஸ் ரேஷியோ, அதாவது ஓஆர், 1.68தான் வருது. மாத்திரை எடுக்குறவங்க பெரும்பாலும் சின்ன வயசு, அட்டாக் வர்றது வயசானவங்களுக்கு, அதனால நிஜமான தொடர்பு அமுங்கிப் போகுது. பேண்ட் வாரியா பிரிச்சு மாண்டல்-ஹான்செல் முறையில சேத்தா 3.97.

```
mantelhaen.test(tab)
```

tabங்கற 2x2x5 டேபிள வச்சு இத ஓட்டினா அந்த 3.97, அதோட கான்ஃபிடன்ஸ் இன்டர்வல், ரொம்பச் சின்ன பி வேல்யூ ஒண்ணு வரும். அவ்ளோதான்! பேண்ட் வாரியான ஓஆர் 7.2, 8.9, 1.5, 3.7, 3.9ன்னு இருக்கு, அதுல ஒண்ணக்கூட காட்டாது. அந்த பி வேல்யூ சொல்றது "பொதுவான ஓஆர் 1 இல்ல"ங்கறத மட்டும்தான், அஞ்சு பேண்டும் ஒரே மாதிரி இருக்கான்னு அது பாக்கவே இல்ல, ஆனா ஆளாளுக்கு "பி கம்மி, அதனால சேத்தது சரி"ன்னு எழுதி வச்சுடறாங்க. அந்த ஒத்துமைய, அதாவது ஹோமோஜெனிட்டிய, பாக்க ஊல்ஃப் டெஸ்ட் தனியா போடணும். இங்க கை-ஸ்கொயர் 6.03, டிஎஃப் 4, பி சுமார் 0.20. அதுக்காக நிம்மதியாவும் முடியாது, 25-29ல மொத்தமே 6 கேஸ்தான், அதுல மாத்திரை எடுக்காதவங்க 2 பேர், இவ்ளோ கம்மி டேட்டால வித்தியாசம் இருந்தாலும் டெஸ்ட் கண்ணுல மாட்டாது.

இன்னொண்ணு, ஓஆர் 1.5 உள்ள 35-39 பேண்டுதான் வெயிட்ல சுமார் 37% எடுத்துக்குது, 7, 8ன்னு நிக்கிற முதல் ரெண்டும் சேந்து 22%தான். இது தெரியாம 3.97ன்னு படிக்கிறவன் என்னத்த புரிஞ்சுக்குவான்?

எரிச்சலே இங்கதான். இதோட ஹெல்ப் பேஜ் எக்சாம்பிள்ல woolf ஃபங்ஷன கையாலயே எழுதிக் காட்டியிருக்காங்க, பெர்க்லி அட்மிஷன் டேட்டாவ வச்சு. எழுதத் தெரிஞ்சவங்க அத உள்ள சேக்க மாட்டாங்களாம். ஸ்டேட்டாங்கற சாஃப்ட்வேர்ல cc போட்டு by() குடுத்தா பேண்ட் வாரி ஓஆர், வெயிட், ஹோமோஜெனிட்டி டெஸ்ட் எல்லாம் ஒரே டேபிள்ல வந்துடும், ஆனா அது காசு.

நியாயமா சொல்லணும்னா, ஒரு செல்லு ஜீரோவா இருந்தாலும் மாண்டல்-ஹான்செல் அசராம சேத்துக் குடுக்கும், செல்லுல 0.5 கூட்டாட்டி ஊல்ஃப் அங்க லாக் எடுக்க முடியாம படுத்துடும். சின்னச் சின்ன சென்டரா பத்து இருக்கற ட்ரயலுக்கு இத விட்டா எனக்கு வேற கை வராது.

அவன்கிட்ட சொன்னது இதுதான்: ஒவ்வொரு பேண்டுக்கும் நாலு செல் எண்ணிக்கையும் ஓஆரும் போடு, பிரிக்காத 1.68ஐயும் பக்கத்துல வை, ஹோமோஜெனிட்டிக்கு எந்த டெஸ்ட்னு பேரோட எழுது, கன்டினியூட்டி கரெக்ஷன் நாம சொல்லாமலே ஆன்ல இருக்கும், அதையும் குறிப்பிடு. mantelhaen.test-க்கு நான் குடுக்கறது அஞ்சுக்கு ரெண்டு மார்க். ஸ்டேட்டா லைசென்ஸ் ஓசில கெடைச்சாலும் நாளைக்கு காலைல நான் இதத்தான் ஓட்டுவேன்.