அம்மாவின் போஸ்ட்பெய்டு பில்லில் மூன்று மாதம் ஒளிந்திருந்த 148 ரூபாய்

மதுரையில் இருக்கும் அம்மாவின் போன் பில்லை நான்தான் கட்டுகிறேன். கட்டுகிறேன் என்று சொல்வதைவிட, என் கார்டிலிருந்து மாதாமாதம் தானாகவே பிடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் சரி. 399 ரூபாய் பிளான். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 470 ரூபாய் 82 பைசா வர வேண்டும். போன மாதம் 790 ரூபாய் 46 பைசா போயிருந்தது. அப்போதுதான் பிடிஎஃப் பில்லை முதன்முறையாகத் திறந்தேன்.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் மொத்தத் தொகை மட்டும்தான். விவரம் மூன்றாம் பக்கத்தில். வாடகை 399, அது சரி. அடுத்து, பிளானுக்கு மேல் போன டேட்டா. 6,144 எம்பி, எம்பிக்கு 2 பைசா, ஆக 122.88. வீட்டு வைஃபை பத்து நாள் வேலை செய்யாதபோது அம்மா சீரியல் பார்த்த கணக்கு. நியாயமான கடன், அதில் நான் சண்டை போடவில்லை.

அதற்குக் கீழே ‘மதிப்புக் கூட்டுச் சேவைகள்’ என்று ஒரு வரி: 148 ரூபாய். எந்தச் சேவை என்று அங்கே பெயர் இல்லை. கடைசிப் பக்கத்து இணைப்பில்தான் இருந்தது: காலர் டியூன் 49, கேம்ஸ் பேக் 99. அம்மாவுக்கு கேம்ஸ்! பல்லாங்குழியைத் தவிர எதுவும் ஆடியதில்லை. முந்தைய இரண்டு பில்களையும் எடுத்துப் பார்த்தேன். அவற்றிலும் அதே 148.

வரி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் போடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால் 148 ரூபாய் உண்மையில் 174 ரூபாய் 64 பைசா. மூன்று மாதத்துக்கு 523 ரூபாய் 92 பைசா.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். “சார், உங்க நம்பர்ல இருந்துதான் ஆக்டிவேட் ஆகியிருக்கு” என்றார் அந்தப் பையன். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வழியாக என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காத்திருக்க வைத்துவிட்டு, பிற்பகல் 2.17, மொபைல் இணையம் வழியாக என்றார். அம்மாவிடம் விசாரித்தால், சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டு ராசிபலன் படிக்கும் நேரம் அது. “நடுவுல ஏதோ பெட்டி வந்து மறைச்சுதுப்பா, மூடுறதுக்காக அமுக்கினேன்” என்றார்.

இதில்தான் சூட்சுமம். சிம் டேட்டாவில் இருக்கும்போது எந்த எண்ணிலிருந்து வருகிறோம் என்பது நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கே தெரியும். நாம் எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டாம், ஓடிபியும் தேவைப்படாமல் போகலாம். விளம்பரத்தில் ஒரு தொடுதல், அடுத்த பக்கத்தில் இன்னொன்று, முடிந்தது. இப்படிப்பட்ட சேவைகளுக்கு இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-லேயே உத்தரவிட்டிருக்கிறது. மூடுவதற்காகத் தொட்ட இரண்டு விரல் தட்டல்களையும் சம்மதக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஆரம்பித்த அன்று ஒரு எஸ்எம்எஸ்ஸும் வந்திருந்தது. விளம்பர எஸ்எம்எஸ் குவியலில் அதை யார் பார்ப்பது?

நிறுத்துவது எளிது. அந்த சிம்மிலிருந்தே 155223-க்கு STOP என்று அனுப்பினால், என்னென்ன சேவை ஓடுகிறது என்று பதில் வரும்; வேண்டாததைத் தேர்ந்தெடுத்து நிறுத்தலாம். ஆரம்பித்த 24 மணி நேரத்துக்குள் புகார் செய்தால் பணத்தைத் திரும்பக் கேட்பது சுலபம். எனக்கோ மூன்று மாதம் ஓடிவிட்டது.

“ஒரு மாசம் மட்டும் திருப்பித் தர்றோம் சார்” என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு சம்மதங்களின் பதிவையும் எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொண்டேன். வந்த பதிலில் பதிவு எதுவும் இல்லை, ‘விதிப்படி ஆக்டிவேட் செய்யப்பட்டது’ என்ற ஒரு வரிதான். அதே புகார் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், மூன்று பில்களையும் இணைத்து. இதற்குக் காசு கிடையாது. ஆனால் புகார் எண் இல்லாமல் அங்கே போக முடியாது. கால அவகாசமும் உண்டு என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த மாத பில்லில் 444 ரூபாய் கழித்திருக்கிறார்கள். நிம்மதியாக மூடப் போனவன் மறுபடி பார்த்தேன். வரிக்கு முன்னால் கழித்திருந்தால் வரியும் தானாகக் குறைந்திருக்கும். இவர்கள் வரி போட்டபிறகு, மொத்தத்தில் கழித்திருக்கிறார்கள். 79 ரூபாய் 92 பைசா இன்னும் அவர்களிடம்தான். நேற்று இரண்டாவது புகார் எண் வாங்கியிருக்கிறேன். கார்டிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டையும் நிறுத்திவிட்டேன்.